வீடு போன பிறகு வினையை மாற்றுவது: தேடலா, பென்சிலா, புதிதாக எழுதுவதா?

காரைக்குடிப் பக்கத்தில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துவிட்டார்கள். தூண்கள் முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. குடும்ப மலருக்காக அந்த வீட்டைப் பற்றி நான் முன்பே எழுதி வைத்திருந்த பத்தியோ நிகழ்காலத்திலேயே நின்றது. மாற்ற வேண்டிய பத்தி இதுதான்:

"தெருவைப் பார்த்திருக்கிற முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள் நிற்கின்றன. தரையில் ஆத்தங்குடிக் கல். மழை பெய்கிறபோது நான்கு தாழ்வாரத்து நீரும் முற்றத்தில் விழுகிறது. அப்பத்தா அண்டா வைத்துப் பிடிப்பார். இரண்டாம் கட்டுக்கு வெளியாட்கள் வருவதில்லை. ஆத்தங்குடியில் இந்தக் கல்லை இன்றும் கையால்தான் வார்க்கிறார்கள்."

முதலில் கணினியில் தேடிப் பார்த்தேன். "கிற" என்று தேடினால் 4 இடங்கள் வந்தன: பார்த்திருக்கிற, பெய்கிறபோது, விழுகிறது, வார்க்கிறார்கள். "நிற்கின்றன" தப்பிவிட்டது, ஏனென்றால் அதில் இருப்பது "கின்ற". அதைத் தனியாகத் தேட வேண்டும். இந்த வழியின் பெருமை வேகம். ஆனால் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. நிகழ்காலத்துக்கு எல்லா வினையிலும் இந்த இரண்டு இடைநிலைகளில் ஒன்றுதான் வருகிறது. இறந்தகாலத்தில் வினைக்கு வினை உருவம் மாறுகிறது: விழுந்தது, நின்றது, தொங்கியது, கொண்டது. "கிறது" இருந்த இடத்திலெல்லாம் "ந்தது" போட்டால் "இருக்ந்தது" என்று வந்து நிற்கும். மேலும், "தூங்கிற்று" போன்ற பழைய நடைச் சொல்லும் இந்தத் தேடலில் சிக்கும். அது ஏற்கெனவே இறந்தகாலம்தான்.

தேடலின் பெரிய குறை வேறு. நிகழ்காலம் காட்டும் எழுத்து எதுவும் இல்லாத வாக்கியத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? மேலே உள்ள பத்தியில் அப்படி 3 வாக்கியங்கள் இருக்கின்றன.

அடுத்தது பென்சில். பத்தியை அச்செடுத்துக் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். முன்னிருந்து படித்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், கண் வினையைத் தாண்டிவிடும். தமிழில் முற்றுவினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் கடைசிச் சொல்லை வட்டமிட்டால் போதும். பிறகு இடப்பக்கம் நகர்ந்து "பார்த்திருக்கிற" போன்ற பெயரெச்சங்களை அடிக்கோடிட வேண்டும். "வைத்து" போன்ற வினையெச்சங்களைத் தொட வேண்டாம், அவை முற்றுவினையின் காலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வட்டம் விழாத வாக்கியம்தான் இந்த வழியின் லாபம். "தரையில் ஆத்தங்குடிக் கல்" என்பதில் வினையே இல்லை; வட்டமிட எதுவும் கிடைக்காதபோதுதான் அது கண்ணில் படுகிறது.

"பிடிப்பார்" என்பதில் நான் சற்று நேரம் நின்றேன். அது எதிர்கால வடிவம். ஆனால் தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்லவும் அதே வடிவம்தான். "பிடித்தார்" என்று மாற்றினால் அப்பத்தா ஒரே ஒரு நாள் தண்ணீர் பிடித்ததுபோல் ஆகிவிடும். "வருவதில்லை" என்பதும் இப்படித்தான். "வந்ததில்லை" என்றால் ஒருமுறைகூட வரவில்லை என்று பொருள், அது உண்மையல்ல. மழை வாக்கியத்தில் சிக்கல் தலைகீழ்: "பெய்தபோது விழுந்தது" என்றால் ஒரு நாள் மழை, "பெய்தால் விழும்" என்றால் ஒவ்வொரு மழையும். இந்த வழக்க வடிவங்கள் பழையதாக ஒலிக்க வேண்டுமானால் அவற்றுக்கு முன்னால் ஓர் உறுதியான இறந்தகால வினை நிற்க வேண்டும். இல்லையென்றால் வீடு இன்னும் இருப்பதாகவே வாசகர் நினைப்பார்.

மூன்றாவது வழி, தாளை மூடிவிட்டுப் புதிதாக எழுதுவது. நடை நன்றாக வந்தது, ஆனால் அண்டாவும் நான்கு தாழ்வாரமும் காணாமல் போயின. நீளமான பத்தியில் பாதி வழியில் நிகழ்காலத்துக்கே வழுக்கிவிடவும் கூடும். சிறு துண்டுக்குச் சரி, மற்றபடி எனக்கு இது ஒத்துவரவில்லை.

பென்சிலால் திருத்திவிட்டு, கடைசியில் "கிற", "கின்ற" இரண்டையும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். ஒரே இடம் மிஞ்சியது, அது மிஞ்ச வேண்டிய இடம்:

"தெருவைப் பார்த்திருந்த முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள் நின்றன. தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தது. மழை பெய்தால் நான்கு தாழ்வாரத்து நீரும் முற்றத்தில் விழும். அப்பத்தா அண்டா வைத்துப் பிடிப்பார். அந்த நாளில் இரண்டாம் கட்டுக்கு வெளியாட்கள் வருவதில்லை. ஆத்தங்குடியில் இந்தக் கல்லை இன்றும் கையால்தான் வார்க்கிறார்கள்."