கடை லைசென்ஸுக்கு எந்த வாடகைப் பத்திரம்: 11 மாதமா, 3 ஆண்டுப் பதிவா?

வாடகைக் கடைக்குத் தொழில் உரிமம் எடுக்கப் போகிறவர் முதலில் தேடுவது உரிமக் கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். அது பெரிய சிக்கல் இல்லை. தொழிலின் வகையையும் கடையின் பரப்பையும் கொடுத்தால் தொகை தெரிந்துவிடும். விண்ணப்பம் பெரும்பாலும் சிக்குவது வாடகை ஒப்பந்தத்தில். 11 மாத முத்திரைத்தாள் ஒப்பந்தம் போதுமா, மூன்று ஆண்டுக்குப் பதிவு செய்துவிடுவதா என்ற கேள்வியும் அங்கேதான் வருகிறது.

சென்னையில் 12 அடிக்கு 18 அடி தையல் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம்.

செலவுக் கணக்கு

11 மாத ஒப்பந்தம் மலிவு என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நூறு ரூபாய் முத்திரைத்தாள், டைப்பிங் கூலி, நோட்டரி, முடிந்தது வேலை. ஆனால் 30 ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம். இந்தக் கடைக்கு 11 மாத வாடகை 1,32,000. அட்வான்ஸைக் கூட்டினால் 2,32,000. ஆக, கட்ட வேண்டியது 2,320 ரூபாய். நூறு ரூபாய்த் தாளில் எழுதியது குறைமுத்திரைப் பத்திரம். லைசென்ஸ் பிரிவில் அதைக் கேட்க மாட்டார்கள் என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. உரிமையாளரோடு தகராறு வந்து கோர்ட்டில் காட்டும்போதுதான் கட்டாமல் விட்ட தொகையையும், அதன் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டச் சொல்வார்கள்.

மூன்று ஆண்டு என்றால் 36 மாத வாடகை 4,32,000. அட்வான்ஸோடு 5,32,000. முத்திரைத் தீர்வை 5,320, பதிவுக் கட்டணம் இன்னொரு 1 சதவீதம் 5,320, மொத்தம் 10,640 ரூபாய். ஒழுங்காகத் தீர்வை கட்டி மூன்று முறை 11 மாத ஒப்பந்தம் போட்டாலும் 6,960 ஆகிவிடும். உண்மையான வித்தியாசம் நான்காயிரத்துக்கும் குறைவு. 11 மாதம் மலிவாகத் தெரிவது தீர்வையைக் கட்டாமல் விடுவதால்தான்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்கத்தான் 11 மாதம் என்ற வழக்கமே வந்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, நகர்ப்புறத்தில் 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை ஆணையத்திடம் பதிய வேண்டும். அதற்கான தளம் tenancy.tn.gov.in. இது சார்பதிவாளர் ஆபிஸ் பதிவிலிருந்து வேறு. ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அதே சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. நம் கடைக்கு மூன்று மாதம் 36,000தான். ஆகவே ஒரு லட்சம் என்பதைத் தெளிவாக எழுத்தில் போட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது.

விண்ணப்பத்தில் எது சுலபம்

புது உரிமத்துக்கு இரண்டுமே செல்லும். வேறுபாடு புதுப்பிக்கும்போது தெரியும். உரிமம் நிதியாண்டுக் கணக்கில் ஓடுகிறது, மார்ச் 31-ல் முடிகிறது. ஏப்ரல் 1-ல் தொடங்கிய 11 மாத ஒப்பந்தம் பிப்ரவரி கடைசியிலேயே காலாவதி. மார்ச்சில் புதுப்பிக்க உட்காரும்போது கையில் செல்லுபடியாகும் பத்திரம் இருக்காது. உரிமையாளர் ஊரில் இல்லையென்றால் அந்த மாதம் முழுக்க அலைச்சல். 11 மாதம்தான் போடுவதென்றால் ஜூன், ஜூலையில் தொடங்கும்படி போட்டால் இந்தச் சிக்கல் முதல் மார்ச்சில் வராது. மூன்று ஆண்டுப் பத்திரத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, உரிமையாளர் ஏன் பதிவுக்குத் தயங்குகிறார்? பதிந்த குத்தகை வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். இடத்தை விற்கப் போகிறவரும் வங்கியில் அடமானம் வைக்கப் போகிறவரும் அதை விரும்புவதில்லை. வாடகை வருமானம் அரசுப் பதிவேட்டில் தெரியும் என்ற கணக்கும் உண்டு. இதையெல்லாம் வற்புறுத்தி மாற்ற முடியாது. எனவே கடைக்குள் எவ்வளவு பணத்தைப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு தையல் மிஷின், ஒரு மேஜை என்றால் 11 மாதம் போதும், நாளைக்கே வேறு இடத்துக்குத் தூக்கிப் போகலாம். தரை, ஃபால்ஸ் சீலிங், ஷட்டர், புது மின் இணைப்பு என்று லட்சக்கணக்கில் இறக்கினால் பதிவு இல்லாமல் இறங்குவது சரியில்லை.

எந்தப் பத்திரமானாலும் மாட்டும் இடங்கள்

பத்திரத்தின் வகையைவிட அதில் உள்ள விவரம் பொருந்துகிறதா என்பதுதான் விண்ணப்பத்தைத் தீர்மானிக்கிறது. சொத்து வரி ரசீதில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வரி இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்து மகன் கையெழுத்திட்டிருந்தால், வாரிசுச் சான்றையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். கதவு எண்ணில் சென்னைக்காரர்களுக்குத் தனிப் பாடு. ஒப்பந்தத்தில் ‘புதிய எண் 31, பழைய எண் 14’ என இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வரி ரசீதில் ஒன்றும் மின் கட்டண ரசீதில் மற்றொன்றும் இருப்பது சர்வசாதாரணம். டைப் அடிப்பவர் பழைய வீட்டு ஒப்பந்தத்தையே மாதிரியாக வைத்து ‘குடியிருப்பு உபயோகத்திற்கு’ என்ற வரியை மாற்றாமல் விடுவதும் நடக்கும். ‘தையல் கடை நடத்த’ என்று தொழிலையே குறிப்பிட வேண்டும்.

அடுத்தது பரப்பு. உள்சுவருக்கு உள்சுவர் அளந்தால் நம் கடை 216 சதுர அடி. ஒன்பது அங்குலச் சுவரையும் சேர்த்து வெளியளவு எடுத்தால் 13.5-க்கு 19.5, அதாவது 263 சதுர அடி. கட்டணப் படிநிலை 250-ல் மாறுவதாக இருந்தால் இந்த 47 சதுர அடி உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். ஒப்பந்தத்தில் ஒரு அளவு, விண்ணப்பத்தில் வேறு அளவு என்று போகாதீர்கள். அளவைக் குறைத்துக் காட்டுவதும் வேண்டாம், ஆய்வாளர் டேப்போடுதான் வருவார். படிவம் சதுர மீட்டரில் கேட்கிறதா என்று பார்த்து நிரப்புங்கள். 216 சதுர அடி என்பது 20 சதுர மீட்டர். சதுர மீட்டர் கட்டத்தில் 216 என்று அடித்தால் கட்டணம் எங்கோ போய் நிற்கும்.

சென்னைக்கு chennaicorporation.gov.in, மற்ற மாநகராட்சி, நகராட்சிகளுக்கு tnurbanepay.tn.gov.in. நீங்களே செய்தாலும் இ-சேவை மையத்தில் கொடுத்தாலும் தொலைபேசி எண் கட்டத்தில் உங்கள் எண்தான் இருக்க வேண்டும். மையத்தில் இருப்பவர் வேகத்துக்காகத் தன் எண்ணை அடித்துவிட்டால், குறைபாடு கேட்டு வரும் குறுஞ்செய்தியும் அடுத்த ஆண்டு ஓடிபியும் அவருக்குத்தான் போகும். பணம் கட்டும் முன் திரையில் எந்த நிதியாண்டு தெரிகிறது என்றும் பாருங்கள். மார்ச் மாதத்தில் கட்டுபவர் முடியப்போகும் ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால், சில நாட்களிலேயே மறுபடி கட்டச் சொல்லும்.