செம்மரக் கன்று என்று மஞ்சாடியை விற்கிறார்கள், ஆப் காட்டியதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, வண்டியில் கொண்டுவந்து இறக்கும் செம்மரக் கன்று வியாபாரம் இங்கே நடக்கிறது. பள்ளிப்பட்டு பக்கத்தில் ஒரு விவசாயி இப்படி வாங்கியதில் பெரும்பகுதி மஞ்சாடி, அதாவது ஆனைக்குன்றிமணி. மிச்சத்தில் வேங்கையும் கலந்திருக்கிறது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கன்றின் இலையை கூகுள் லென்ஸில் காட்டினார், Red sandalwood என்று வந்தது. செடி அடையாளம் காட்டும் ஆப்பிலும் போட்டார், அங்கேயும் அதே பெயர். இரண்டும் ஒத்துப்போகிறதே என்று பணத்தைக் கொடுத்துவிட்டார். மஞ்சாடிக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வழங்குகிறது. ஆப்பில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே Adenanthera pavonina என்று தாவரவியல் பெயர் இருந்தது. செம்மரம் என்றால் அங்கே Pterocarpus santalinus என்று இருக்க வேண்டும். படிக்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான். ஆப் சரியாகத்தான் சொன்னது, வியாபாரி அதில் தனக்கு வேண்டிய பெயரை மட்டும் விரலால் காட்டினார்.

லென்ஸை இரண்டாவது சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அது உங்கள் படத்தைப் போன்ற படங்களை வலையில் தேடி, அவற்றின் கீழே யாரோ எழுதிவைத்ததைச் சேர்த்துக் காட்டுகிறது. கன்று விற்கும் பக்கங்களிலேயே தவறான பெயர் போட்டிருந்தால் அதுதான் உங்களுக்கும் வரும். படத் தேடல் உண்மையில் உதவுவது வேறு வேலைக்கு: வியாபாரி அனுப்பிய படம் அவருடைய நர்சரிதானா என்று பார்க்க. அந்தப் படத்தை லென்ஸிலும், TinEye என்ற படத் தேடல் தளத்திலும் போடுங்கள். TinEye-யில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தினால், அதே படம் வேறு யாருடைய பக்கத்தில் முன்பே இருந்தது என்று தெரியலாம். அங்கே காட்டும் தேதி அந்தத் தளம் படத்தைக் கண்ட தேதி, எடுத்த தேதி இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் படம் புதிது என்றும் அர்த்தமில்லை. ஓரம் வெட்டியிருந்தாலோ, இடவலம் திருப்பியிருந்தாலோ தப்பிவிடலாம். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தேடுங்கள்.

அடுத்து ஆப். PlantNet போன்றவற்றில் ஒரே செடியின் இலை, பட்டை, காய் என்று தனித்தனியாகப் படம் சேர்க்கலாம். முழு இலையும் காம்பு தண்டில் சேரும் இடம் வரை தெரிய வேண்டும், பின்னால் வெள்ளைத் தாள் வையுங்கள். வரும் சதவீதம், ஆப்புக்குத் தெரிந்த செடிகளில் இது எதற்கு நெருக்கம் என்பதைத்தான் சொல்கிறது. மஞ்சாடியைப் பிரிக்க அது போதும். மஞ்சாடி இலையில் நடுக்காம்பிலிருந்து பக்கக் காம்புகள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் சிறு இலைகள் மாற்றி மாற்றி இருக்கும். செம்மரத்தில் ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்றே இலை, தடிப்பாக, நுனி லேசாகப் பள்ளம் விழுந்து. விதையையும் கேளுங்கள். பளபளவென்று சிவப்பு மணியைக் காட்டினால் அது மஞ்சாடி விதை. செம்மரக் காய் தட்டையான வட்டம், சுற்றிலும் காகிதம் மாதிரி இறக்கை, காய்ந்தால் பழுப்பு.

வேங்கையில்தான் ஆப் கைவிடும். செம்மரத்தைப் போல அதுவும் Pterocarpus பேரினம். வளர்ந்த வேங்கையில் ஒரு காம்புக்கு 5 முதல் 7 இலை வரும், ஆனால் இளங்கன்றில் வேங்கை, செம்மரம் இரண்டுமே முதலில் ஒற்றை இலை விடும். பாக்கெட்டில் இருக்கும் சின்னக் கன்றை ஆப் எந்தப் பெயர் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தை மட்டும் அனுப்பினால் தாவரவியலாளரும் திணறுவார். ஆனால் அவர் “இந்த வயதில் சொல்ல முடியாது, ஒரே காம்பில் பல இலை சேர்ந்த கூட்டிலை வரட்டும்” என்பார், விதை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்பார். ஆப் அப்படிக் கேட்காது, எதையாவது ஒரு பெயரை மேலே வைக்கும்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு கன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் அவர்கள் விதை எடுத்த தாய்மரத்தின் ஒரு சாண் கிளையை இலை, காயோடு செய்தித்தாளில் அழுத்தி, தாளை மாற்றி மாற்றிக் காயவைத்துக்கொள்ளுங்கள். எடுத்த இடம், தேதி எழுதிவையுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் காய்ந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதே ஊரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் உண்டு. அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையிலிருந்தும் தொடங்கலாம்.

தாய்மரத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வாங்கினால் பில்லில் “செம்மரம்” என்று மட்டும் எழுத விடாமல் Pterocarpus santalinus என்று எழுதச் சொல்லுங்கள், கூட்டிலை வந்து பார்க்கும் வரை பாதிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.