சரியான நேரத்தில் அடிக்காத ரிமைண்டர் ஆப்: நீண்ட நாள் பயன்படுத்தியபின் என் கருத்து

மருந்து நினைவூட்டலுக்கு எந்த ஆப் நல்லது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் காசு கட்டிப் பயன்படுத்தும் ஆப்பைப் பற்றித்தான் கேட்கிறார் என்று தெரியும். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நல்லது. இவ்வளவு வசதியாகப் பட்டியல் போடும் ஆப்பை நான் வேறு பார்த்ததில்லை. 'ஒரு நாள் விட்டு ஒரு நாள்', 'முதல் வாரம் நான்கு வேளை, அடுத்த வாரம் மூன்று வேளை' என்று மருத்துவர் சீட்டில் எழுதுகிற மாதிரியே உள்ளே போடலாம். எழுத்து பெரிதாக இருக்கிறது, விளம்பரம் இல்லை. பழைய போனில் இருந்தவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

சிக்கல் புதுப் போனில் தொடங்கியது. அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்த சமயம். அவருடைய பழைய போன் ஆண்ட்ராய்டு 13, புதியது 14. பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினோம். பட்டியல், நேரம், மருந்தின் படம் உட்பட எல்லாம் அப்படியே வந்து உட்கார்ந்தன. ஆனால் காலை 6 மணி சொட்டுக்கு மட்டும் சத்தமே வராது. 6:40 வாக்கில் அவர் போனைக் கையில் எடுத்ததும், அந்த நொடியே ரிமைண்டர் வந்து நிற்கும். மதியமும் மாலையும் சில நிமிடங்கள் பிந்தினாலும் வந்துவிடும்.

இந்த அடையாளத்தைக் கவனியுங்கள். போனைத் தொட்டதும் ரிமைண்டர் கொட்டுகிறது என்றால் ஆப் நேரத்தை மறக்கவில்லை, சிஸ்டம் அதைப் பிடித்து வைத்திருந்தது என்று அர்த்தம். திரை அணைந்து, சார்ஜர் இல்லாமல், அசையாமல் கிடக்கும் போன் கொஞ்ச நேரத்தில் Doze என்ற உறக்க நிலைக்குப் போகும். 2015-ல் ஆண்ட்ராய்டு 6-இல் வந்த ஏற்பாடு இது. அந்த நிலையில் சாதாரண அலாரங்களைச் சிஸ்டம் உடனே விடாது. இடையிடையே திறக்கும் சிறு இடைவெளியில்தான் விடும், உறக்கம் நீள நீள அந்த இடைவெளிகளும் தள்ளிப் போகும். அப்பா பகலில்தான் சார்ஜ் போடுவார். இரவு முழுக்கப் போன் மேசையில் கிடக்கும். அதனால் அடி வாங்கியது காலை 6 மணி மட்டும்தான். இரவில் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கோளாறு தெரியாமலே போகலாம், அவர்கள் அதே ஆப்புக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள்.

உறக்க நிலையிலும் சொன்ன நிமிடத்துக்கு அடிக்க வேண்டுமானால் ஆப் துல்லிய அலாரம் வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கென்றே தனி அனுமதி உண்டு. 13 வரை பெரும்பாலும் அது தானாகவே கிடைத்துவிடும். 14-இல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான ஆப்களுக்கு அது ஆரம்பத்திலேயே மூடியிருக்கும். பேக்கப்பிலிருந்து வந்த ஆப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். பழைய போனில் இருந்த அனுமதி கூடவே வராது. அதே போனில் 13-லிருந்து 14-க்கு அப்டேட் செய்திருந்தால் அனுமதி தங்கியிருக்கும். அதனால்தான் 'எனக்கு ஒன்றும் ஆகலையே' என்று பலர் சொல்கிறார்கள்.

அனுமதி இருக்கும் இடம் இது:

```
Settings > Apps > Special app access > Alarms & reminders
```

சில போன்களில் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸ் தேடலில் Alarms என்று அடித்தால் கிடைத்துவிடும். போய்ப் பார்த்தால் எங்கள் ஆப்புக்கு எதிரே மூடியிருந்தது. திறந்து வைத்தோம். மறுநாளும் 6 மணிக்கு வரவில்லை!

காரணம் இதுதான். அனுமதி இல்லாத காலத்தில் ஆப் பதிவு செய்து வைத்த அலாரங்கள் எல்லாம் 'ஏறக்குறைய இந்த நேரம்' என்ற வகை. அனுமதி கொடுத்ததும் அவை தாமாகத் துல்லியமாகிவிடாது. அனுமதி கிடைத்த செய்தியைச் சிஸ்டம் ஆப்புக்கு அனுப்பும், அதைப் பெற்று ஆப் எல்லா அலாரத்தையும் திரும்ப வைக்க வேண்டும். இந்த ஆப் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு மருந்தாகத் திறந்து, எதையும் மாற்றாமல் மறுபடி சேமித்தோம். அதற்கு அடுத்த நாள் 6:00-க்கு டாண் என்று வந்தது.

ஆப் செய்தவர்களுக்கும் நியாயம் பேச வேண்டும். அனுமதியை மூடி வைத்தது அவர்கள் இல்லை. பேட்டரியைத் தின்னும் ஆப்கள் கண்டபடி போனை எழுப்பியதால் வந்த கட்டுப்பாடு அது, அதன் தேவையும் எனக்குப் புரிகிறது. கடிகாரம், காலண்டர் வகை ஆப்களுக்குக் கேட்காமலே கிடைக்கும் வேறொரு அனுமதி 13-இல் வந்தது. மருந்து ஆப் அந்த வகையில் சேருமா என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அதுவரை சரி. ஆனால் அனுமதி இருக்கிறதா இல்லையா என்று ஆப் எந்த நேரமும் ஒரே வரியில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். தெரிந்துகொண்டு, 'உங்கள் நினைவூட்டல் தாமதமாக வரலாம், இங்கே தொட்டுச் சரிசெய்யுங்கள்' என்று ஒரு பட்டை காட்டினால் முடிந்தது. அதைக் காட்டாமல், பட்டியலில் '6:00' என்று பச்சை எழுத்தில் போட்டுக்கொண்டே தளர்வான அலாரத்துக்கு மாறிக்கொண்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உதவி மின்னஞ்சலுக்கு வந்த பதிலிலும் 'பேட்டரி செட்டிங்கைப் பாருங்கள்' என்று மட்டுமே இருந்தது.

பேட்டரி செட்டிங் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆப்பின் பேட்டரி பக்கத்தில் Restricted என்று இருந்தால் எந்த நினைவூட்டலையும் நம்ப முடியாது. Unrestricted வைப்பது நல்லது. சில தயாரிப்பாளர்களின் போனில் இதற்கு மேல் சொந்தக் காவல்காரன் ஒன்று உட்கார்ந்திருக்கும். ரீசன்ட்ஸில் தள்ளிவிட்டாலே ஆப்பை முழுக்க நிறுத்திவிடும். ஆப் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டால் அது வைத்த அலாரங்களும் அழிந்துவிடும், மறுபடி திறக்கும்வரை எதுவும் அடிக்காது.

அடுத்து சத்தம். நேரம் சரியான பிறகு ஒரு மாலை, திரையில் ரிமைண்டர் நிற்கிறது, ஒலி இல்லை. போன் சைலன்ட்டில் இருந்தது. போனோடு வரும் கடிகார ஆப் சைலன்ட்டிலும் அடிக்கும், ஏனென்றால் அது அலாரம் ஒலியளவில் ஒலிக்கிறது. அதற்குத் தனி அளவுகோல். எங்கள் ஆப் வழக்கமான நோட்டிஃபிகேஷனாக ஒலித்ததால் வாட்ஸ்அப் செய்தியோடு சேர்ந்து அடங்கிவிட்டது. இந்த இடத்தில் ஆப்பைப் பாராட்டியே ஆக வேண்டும்: ஒலிப் பகுதியில் 'அலாரமாக ஒலிக்கவும்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, போட்டதும் சைலன்ட்டிலும் கணீரென்று கேட்டது. தொந்தரவு செய்யாதே நிலையை வைப்பவர்கள் அதன் விதிவிலக்குகளில் அலாரம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எந்த ஆப் வாங்கினாலும், நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி ஒரு ரிமைண்டர் வையுங்கள். சார்ஜரைக் கழற்றி, சைலன்ட்டில் போட்டு, திரையை அணைத்து, மேசைமேல் தொடாமல் விடுங்கள். ஐந்து நிமிடம் தள்ளி வைத்துப் பார்க்கும் சோதனை எதையும் காட்டாது, போன் அதற்குள் உறங்கியிருக்காது.

இப்போது எங்கள் போனில் அது நிமிடம் பிசகாமல் அடிக்கிறது. இந்த வருடச் சந்தாவையும் கட்டிவிட்டேன், மாத்திரைப் பட்டியலுக்கு இதை விட்டால் எனக்கு வேறு இல்லை. ஆனாலும் காலைச் சொட்டுக்குக் கடிகார ஆப்பில் தனி அலாரம் வைத்திருக்கிறோம், நான் கொடுப்பது இரண்டு நட்சத்திரம். அந்த எச்சரிக்கைப் பட்டை ஒரு அப்டேட்டில் வந்த அன்றே ஐந்தாக மாற்றுவேன். அதுவரை, வயதானவர் தனியாகக் கையாளும் போனில் இதைப் போட்டுக் கொடுக்காதீர்கள்.