நார்ச்சத்தை இரண்டு தடவை கழித்த கதை

மூன்று வருடமாக ஒவ்வொரு வேளையும் எடை போட்டு, மாச்சத்து, புரதம், கொழுப்பு என்று மேக்ரோ கணக்கை எக்செல்லில் எழுதி வருகிறேன். எனக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருப்பதால், புரதத்தையும் கொழுப்பையும் விட மாச்சத்துத் தொகையில்தான் என் கவனம். மொத்த மாச்சத்தில் நார்ச்சத்து செரிக்காமல் போய்விடும், அதைக் கழித்தால் மிச்சம் நெட் கார்ப். இந்த ஒரு வரியை நம்பி முதல் எட்டு மாதம் தவறான கணக்கே எழுதியிருக்கிறேன்.

சந்தேகம் வந்தது ஒரு ராத்திரி சாப்பாட்டில். 50 கிராம் கருப்புக் கொண்டைக்கடலையில் சுண்டல், 40 கிராம் கேழ்வரகு மாவில் தோசை. என் தாளில் அன்றைக்கு நெட் கார்ப் 29.5 கிராம். வழக்கமாக 45 கிராம் வரும் இட்லி ராத்திரிகளில் சர்க்கரை எவ்வளவு ஏறுமோ, அதே அளவுதான் அன்றும் குளுக்கோமீட்டரில் ஏறியிருந்தது. ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்று விடலாம். சுண்டல் செய்த நாளெல்லாம் இதே கதை.

எண்களை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையிலிருந்து எடுத்திருந்தேன். அதில் 100 கிராம் கொண்டைக்கடலைக்கு மாச்சத்து 39.56, நார்ச்சத்து 25.22. கழித்தால் 14.34, அதாவது 50 கிராமுக்கு 7.2. கடலைக்கு ஏழு கிராம் மாச்சத்துதானா? அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அந்த வரிசையில் உள்ள எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஈரம் 8.56, புரதம் 18.77, கொழுப்பு 5.11, சாம்பல் 2.78, நார்ச்சத்து 25.22, மாச்சத்து 39.56. சரியாக 100. நார்ச்சத்தைத் தனியாகச் சேர்த்தால்தான் நூறு வருகிறது என்றால், மாச்சத்து எண்ணுக்குள் அது இல்லை. அவர்களே கழித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள், தலைப்பில் `CHOAVLDF`, அதாவது நார்ச்சத்து போக உடலுக்குக் கிடைக்கும் மாச்சத்து என்று இருப்பதும் அதைத்தான் சொல்கிறது. நான் இன்னொரு தடவை கழித்திருக்கிறேன்.

திரும்பப் போட்டேன். கடலைக்கு 19.8 கிராம். கேழ்வரகுக்கு 100 கிராமுக்கு 66.82, அப்படியே எடுத்தால் 40 கிராமுக்கு 26.7. மொத்தம் 46.5. தேங்காய்த் துருவல் பெரிதாக எதுவும் கூட்டாது. 17 கிராம் குறைத்து எழுதியிருக்கிறேன், கிட்டத்தட்ட 60 கிராம் சாதத்துக்குச் சமம். நார்ச்சத்து அதிகமுள்ள உணவில்தான் இந்தத் தப்பு பெரிதாகும். அரிசியில் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு, அதனால்தான் இட்லி நாட்களில் எதுவும் தெரியவில்லை.

அமெரிக்க வேளாண் துறை அட்டவணை நேர் எதிர். அதில் `Carbohydrate, by difference` என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடக்கம், கழித்தே ஆக வேண்டும். கொண்டைக்கடலைக்கு அங்கே 62.95, நார்ச்சத்து 12.2. கழித்தால் 50 கிராமுக்கு 25.4 வருகிறது. நம் அட்டவணையின் 19.8-க்கும் இதற்கும் இடைவெளி உண்டு. கடலையின் ரகம், நார்ச்சத்தை அளக்கும் முறை என்று காரணங்கள் இருக்கும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஒரு அட்டவணையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருக்கிறேன். மாச்சத்தை ஒன்றிலிருந்தும் நார்ச்சத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கழிப்பதுதான் ஆபத்து.

பொட்டலத்தில் வருபவற்றுக்கு வேறு வழி. அமெரிக்க லேபிளில் நார்ச்சத்து, மொத்த மாச்சத்துக்குக் கீழே சற்று உள்ளே தள்ளி அச்சாகியிருக்கும், அது உள்ளடங்கியது. லண்டனிலிருந்து அத்தை அனுப்பும் ஓட்ஸ் பிஸ்கட்டில் அது தனி வரி, மாச்சத்து ஏற்கெனவே கழித்த எண். நம்மூர்ப் பொட்டலங்களில் எழுதும் விதம் ஒரே மாதிரி இல்லாததால் கூட்டிப் பார்க்கிறேன். ஒரு கீட்டோ மாவில் 100 கிராமுக்குப் புரதம் 30, கொழுப்பு 12, மாச்சத்து 38, நார்ச்சத்து 26. ஈரத்தைச் சேர்க்காமலே 106. நூற்றைத் தாண்டுவதால் 26-ம் அந்த 38-க்குள்தான் இருக்க வேண்டும், நெட் 12. நூற்றுக்குள் வந்தால் கலோரியைப் பார்ப்பேன். புரதம், மாச்சத்து கிராமுக்கு 4, கொழுப்பு 9, நார்ச்சத்து 2 என்று வைத்து, நார்ச்சத்து மாச்சத்துக்குள் என்றும் வெளியே என்றும் இரண்டு விதமாகப் போட்டால் எந்தக் கணக்கு லேபிளோடு ஒத்துவருகிறதோ அதுதான். நார்ச்சத்துக்கும் 4 போடுகிறவர்கள் உண்டு என்பதால் இது முழுக்க நம்பகமானதில்லை.

அப்புறம் புரோட்டீன் பார். அட்டையில் பெரிதாக நெட் கார்ப் 3 கிராம் என்று இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஐசோமால்ட்டோ ஒலிகோசாக்கரைடு. இதில் ஒரு பகுதி குடலில் செரித்துச் சர்க்கரையாகிறது, அமெரிக்க எஃப்.டி.ஏ. இதை நார்ச்சத்தாக ஏற்பதில்லை. நெட் கார்ப் என்ற சொல்லுக்கே அங்கே சட்ட வரையறை கிடையாது. இந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் நான் எதையும் கழிப்பதில்லை, மொத்த எண்ணையே எழுதிவிடுகிறேன்.