20 பேரில் ஒருவர்: ஒரே தரவுக்கு நான்கு நம்பிக்கை இடைவெளிகள்

ஒரு புதிய மருந்தை 20 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்குப் பக்கவிளைவு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் விகிதம் 5%. ஆனால் இந்த மருந்தை இனி எடுக்கப்போகிற எல்லோரிடமும் அது எவ்வளவு இருக்கும்? 95% நம்பிக்கை இடைவெளி கேட்டால், பெரும்பாலானோர் எடுப்பது பாடப்புத்தகத்தில் முதலில் வரும் இந்தச் சூத்திரத்தைத்தான். வால்ட் இடைவெளி என்று இதற்குப் பெயர்.

```
p̂ ± 1.96 × √( p̂(1 − p̂) / n )
```

p̂ = 0.05, n = 20 என்று போட்டால் திட்டப் பிழை 4.9% வருகிறது. இடைவெளி −4.6% முதல் 14.6% வரை. பக்கவிளைவு மைனஸ் நாலரை சதவீதம் பேருக்கு வர முடியாது என்பதால் கீழ் எல்லையை 0 என்று திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மைனஸ் கண்ணில் பட்டுவிடுகிறது, அதனால் அது பெரிய ஆபத்து இல்லை. மேல் எல்லையான 14.6% பார்க்க ஒழுங்காக இருக்கிறதே, அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கலாம். உண்மையான விகிதம் சரியாக 14.6% என்றால், 20 பேரில் ஒருவருக்கோ அல்லது யாருக்குமே இல்லாமலோ பக்கவிளைவு வரும் வாய்ப்பு ஈருறுப்புப் பரவலின்படி ஏறக்குறைய 19%. ஐந்தில் ஒரு தடவை சாதாரணமாக நடக்கக்கூடியது. உண்மை 20% என்றாலும் அந்த வாய்ப்பு 7% இருக்கிறது. 95% இடைவெளி என்றால் ஒவ்வொரு பக்கமும் 2.5% அளவுக்கு அரிதானதை மட்டுமே ஒதுக்க வேண்டும். வால்ட் இடைவெளியோ 20% என்ற சாத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. பக்கவிளைவு விஷயத்தில் இது ஆபத்தான பக்கமாகச் செய்யும் பிழை.

சரி, ஏன் இப்படி ஆகிறது? மாதிரி சின்னது, இயல்நிலைப் பரவல் பொருந்தவில்லை என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மை. பெரிய கோளாறு, சூத்திரம் தன் அளவுகோலைத் தானே மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. திட்டப் பிழை p̂ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. தற்செயலாக p̂ உண்மையைவிடக் குறைவாக விழுந்தால், p̂(1 − p̂) என்ற பெருக்கலும் சிறுத்துவிடும். நடுப்புள்ளி கீழே இறங்கிய அதே நேரத்தில் அகலமும் சுருங்குகிறது. மேலே இருக்கும் உண்மையை எட்டிப் பிடிக்க இடைவெளி நீள வேண்டிய நேரத்தில் அது குட்டையாகிறது. இதன் உச்சம், 20 பேரில் யாருக்குமே பக்கவிளைவு வராத நிலை. அப்போது p̂ = 0, அகலமும் 0. பக்கவிளைவே கிடையாது என்று வெறும் 20 பேரை வைத்து சூத்திரம் அடித்துச் சொல்லிவிடும்.

இதனால் எவ்வளவு கெடுகிறது என்று கையாலேயே எண்ணிவிடலாம். உண்மை விகிதம் 5% என்று வைத்து, 20 பேர் கொண்ட சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதாக எண்ணுங்கள். யாருக்கும் வராமல் போக வாய்ப்பு 0.95ஐ 20 முறை பெருக்கினால் வருவது, அதாவது 35.8%. அந்தத் தடவைகளில் எல்லாம் இடைவெளி 0 முதல் 0 வரை, எனவே உண்மை வெளியே. ஒருவர் முதல் நான்கு பேர் வரை பாதிக்கப்பட்டால் இடைவெளிக்குள் 5% அகப்படுகிறது. ஐந்து பேருக்கு வந்தால் கீழ் எல்லையே 6%ஐத் தாண்டிவிடும், திரும்பவும் வெளியே. ஒன்று முதல் நான்கு வரையிலான வாய்ப்புகளைக் கூட்டினால் 63.9%. 95% என்று பெயர் போட்ட இடைவெளி உண்மையைப் பிடிப்பது மூன்றில் இரண்டு தடவைகூட இல்லை.

எட்வின் வில்சன் 1927இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். p̂ஐச் சுற்றி எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்காமல், p-க்கு ஒவ்வொரு மதிப்பாக எடுத்து, அதுவே உண்மை என்றால் நாம் பார்த்த 5% இயல்பாக வரக்கூடியதா என்று கேட்டார். அளவுகோல் இப்போது p̂இலிருந்து வருவதில்லை. சோதிக்கப்படும் p-யிலிருந்தே வருகிறது:

```
|p̂ − p| ≤ 1.96 × √( p(1 − p) / n )
```

p = 20% என்று எடுத்தால் திட்டப் பிழை 8.9%, அதன் 1.96 மடங்கு 17.5%. இருபதிலிருந்து அவ்வளவு கீழே இறங்கினால் 2.5%. நாம் பார்த்த 5% அதற்குள் இருக்கிறது, எனவே 20% தங்கிவிடுகிறது. p = 25% என்று எடுத்தால் 19% வரைதான் இறங்க முடியும், அது 6%இல் நின்றுவிடும். 5% வெளியே, எனவே 25% போகிறது. எல்லை சரியாக எங்கே என்பதற்கு ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் போதும். விடை 0.9% முதல் 23.6% வரை. மைனஸ் வரவே வராது, ஏனென்றால் p பூஜ்ஜியத்தை நெருங்கும்போது அளவுகோலும் அதோடு சேர்ந்து சுருங்குகிறது.

வில்சனும் பயன்படுத்துவது அதே இயல்நிலைத் தோராயத்தைத்தான், அதே 1.96ஐத்தான். மாற்றியது திட்டப் பிழையை எங்கிருந்து எடுப்பது என்பதை மட்டும். அதற்கே, உண்மை 5% என்ற நிலையில் பிடிக்கும் வீதம் 63.9%இலிருந்து 92.5%க்கு ஏறிவிடுகிறது. அதனால்தான் பழியை முழுக்க இயல்நிலைப் பரவல் மீது போடுவது நியாயமில்லை என்கிறேன்.

க்ளாப்பரும் பியர்சனும் 1934இல் தோராயத்தையே கைவிட்டார்கள். நேராக ஈருறுப்புப் பரவலுக்குப் போய், ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர் பாதிக்கப்படும் வாய்ப்பு சரியாக 2.5% ஆகும் p எதுவோ அதுதான் மேல் எல்லை என்றார்கள். அது 24.9%. ஒருவராவது பாதிக்கப்படும் வாய்ப்பு 2.5% ஆகும் p கீழ் எல்லை. அது 0.13%. உண்மை எதுவாக இருந்தாலும் பிடிக்கும் வீதம் 95%க்குக் கீழே போகாது என்ற உத்தரவாதம் இதில் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை 0, 1, 2 என்று தாவித் தாவித்தான் போகும் என்பதால் 95%இல் சரியாக நிற்க வழியில்லை. கீழே போகக் கூடாது என்றால் மேலே போயாக வேண்டும். நம் கணக்கில் அது 98.4%. ‘துல்லியமான’ முறை என்று இதைச் சொல்வார்கள். துல்லியம் என்பது பரவலைப் பற்றியது, 95% என்ற வாக்கைப் பற்றியது இல்லை.

அக்ரெஸ்டியும் கூலும் 1998இல் தந்தது கையால் போடக்கூடிய வழி. பாதிக்கப்பட்டவர் இரண்டு பேர், பாதிக்கப்படாதவர் இரண்டு பேர் என்று நான்கு கற்பனை ஆட்களைத் தரவில் சேர்த்துவிட்டுப் பழைய வால்ட் சூத்திரத்தையே போட வேண்டும். 20இல் 1 என்பது 24இல் 3 ஆகிறது, நடுப்புள்ளி 12.5%க்கு நகர்கிறது. இது ஏமாற்று வேலை மாதிரி தெரியும். ஆனால் வில்சன் இடைவெளியின் நடுப்புள்ளியைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள்ளும் இதேதான் ஒளிந்திருக்கிறது. பின்னத்தின் மேல் எண்ணோடு ஏறக்குறைய 1.92, கீழ் எண்ணோடு 3.84 சேர்கிறது. அதை 2, 4 என்று முழுதாக்கியதே இந்த வழி.

| முறை | 20இல் 1 | 20இல் 0 | உண்மை 5% என்றால் பிடிக்கும் வீதம் |
|---|---|---|---|
| வால்ட் | −4.6% – 14.6% | 0 – 0 | 63.9% |
| வில்சன் | 0.9% – 23.6% | 0 – 16.1% | 92.5% |
| க்ளாப்பர்-பியர்சன் | 0.1% – 24.9% | 0 – 16.8% | 98.4% |
| நான்கு கூட்டும் முறை | −0.7% – 25.7% | −2.7% – 19.4% | 98.4% |

கடைசி வரிசையில் மைனஸ் எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை 0 என்று வெட்டிவிடலாம். இங்கே மேல் எல்லை ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் அது வெறும் அழகுப் பிரச்சினைதான்.

வில்சனுக்கும் பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. 20இல் 1க்கு அதன் கீழ் எல்லை 0.89% சுமார். உண்மை அதற்கு ஒரு மயிரிழை கீழே இருந்தால், ஒருவர் பாதிக்கப்பட்டாலே இடைவெளி உண்மையைத் தவறவிடும். பிடிப்பது யாருக்கும் வராத தடவைகளில் மட்டும். அந்த வாய்ப்பு சுமார் 83.7%. எனவே மிக அரிதான நிகழ்வை ஆராய்கிறோம், தவறினால் உயிர் சேதம் என்றால் நான் க்ளாப்பர்-பியர்சன் பக்கம்தான் போவேன், அகலம் கூடினாலும் பரவாயில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வில்சன். நான்கு கூட்டும் முறை காகிதமும் பேனாவும் மட்டும் இருக்கும்போது.

வால்டை எப்போதுமே தொடக் கூடாதா? np, n(1 − p) இரண்டும் 5க்கு மேல் இருந்தால் போதும் என்று ஒரு விதி சொல்வார்கள். அதை நம்பி இருக்க முடியாது. உண்மை விகிதம் சரியாக 50% என்று வைத்துப் பாருங்கள், வால்டுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது. n = 17 என்றால் பிடிக்கும் வீதம் 95.1%. மாதிரியை 40 ஆக்கினால் ஏற வேண்டும் அல்லவா? 91.9%க்கு இறங்குகிறது. மாதிரி பெரிதாகப் பெரிதாக ஒழுங்காக ஏறாமல் இப்படிக் குதித்துக் குதித்துப் போவதை 2001இல் பிரவுன், காய், தாஸ்குப்தா மூவரும் விரிவாக எழுதிக் காட்டினார்கள். சின்ன மாதிரிக்கு அவர்கள் பரிந்துரைத்தவற்றில் வில்சனும் ஒன்று.

ஒன்றை மறக்கக் கூடாது. நான்கு முறைகளும் 20 பேரும் ஒருவரை ஒருவர் சாராதவர்கள் என்றே எடுத்துக்கொள்கின்றன. நான்கு பேரை ஐந்து தடவை சோதித்து 20 என்று எழுதியிருந்தால் எந்த இடைவெளியும் உதவாது.

கணினியில் போடுபவர்கள் முன்னிருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பைத்தானின் `statsmodels` எதுவும் சொல்லாவிட்டால் வால்டைத்தான் தரும்:

```python
from statsmodels.stats.proportion import proportion_confint
proportion_confint(1, 20, method="wilson")
proportion_confint(1, 20, method="beta")   # க்ளாப்பர்-பியர்சன்
```

ஆர் மொழியில் `binom.test(1, 20)` க்ளாப்பர்-பியர்சனைத் தருகிறது. `prop.test(1, 20)` தருவது வில்சன்தான், ஆனால் தொடர்ச்சித் திருத்தம் சேர்த்து. மேலே உள்ள 0.9% – 23.6% வேண்டுமென்றால் `correct = FALSE` என்று எழுத வேண்டும். அறிக்கையில் எல்லைகளோடு முறையின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால், வேறொருவர் போட்டுப் பார்க்கும்போது எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று குழம்ப மாட்டார்.