வேகத்தை வளைப்பதா, நேரத்தை வளைப்பதா?

கிணற்று மேட்டில் ஒரு பையன் ஓடிவருகிறான், தாவுகிறான், தண்ணீரில் விழுகிறான். நொடிக்கு 120 ஃபிரேம் கணக்கில் எடுத்த இந்தக் கிளிப் 24 ஃபிரேம் டைம்லைனில் கிடக்கிறது. ஓட்டம் இயல்பான வேகத்தில் வர வேண்டும். கால் கல்லைவிட்டு எழும் நேரத்தில் காட்சி 20 சதவீத வேகத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் தெறித்தபின் மறுபடி வேகமெடுக்க வேண்டும். எங்கும் திக்கக் கூடாது. இதே வேலையை பிரீமியர் புரோ, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், டாவின்சி ரிசால்வ் என்ற மூன்று வீடியோ மென்பொருள்களிலும் செய்து பார்த்தேன். மூன்றிலும், மாற்றம் நிகழ வேண்டிய இடத்தைக் குறிக்கும் கீஃபிரேம்தான் வைக்கிறோம். ஆனால் அந்தக் கீஃபிரேம் எதைப் பிடித்துவைக்கிறது என்பதில் மூன்றும் பிரிகின்றன. திக்கல் பெரும்பாலும் அந்தப் பிரிவைக் கவனிக்காததால்தான் வருகிறது.

பிரீமியரில் நாம் இழுப்பது வேகம். கிளிப்பின் மேல் `Time Remapping > Speed` தேர்ந்தால் குறுக்கே ஒரு கோடு தெரியும். கண்ட்ரோல் விசையோடு அதைச் சொடுக்கினால் கீஃபிரேம் விழும். அதற்கு வலப்பக்கக் கோட்டை 20 சதவீதத்துக்கு இறக்கினால் வேகம் படிக்கட்டுபோல் சட்டென்று விழுகிறது. கீஃபிரேமின் இரண்டு பாதிகளைப் பிரித்து இழுத்தால் படிக்கட்டு சரிவாகிறது. சரிவின் நடுவிலுள்ள நீலக் கைப்பிடியைத் திருப்பினால் அதன் இரு முனைகளும் மழுங்கி, வேகம் இழைந்து இறங்குகிறது. நூறிலிருந்து இருபதுக்கு இறங்கும் கோடு வழியில் ஐந்துக்குப் போக வாய்ப்பே இல்லை. பிரீமியரின் பெரிய பலம் அதுதான். ஒலியை இந்த மாற்றம் தொடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தத்தைத் தனியாக நகர்த்தி வைக்க வேண்டியிருக்கும்.

பிரீமியரில் நான் முதலில் தவறியது சரிவை வைத்த இடத்தில். கால் எழும் ஃபிரேமில் கீஃபிரேம் வைத்து, வலப்பாதியை மட்டும் 20 ஃபிரேம் தள்ளினேன். சரிவின் சராசரி வேகம் 60 சதவீதம். ஆகவே அந்த 20 ஃபிரேமுக்குள் அசல் காட்சியில் 12 ஃபிரேம் நேரம், அதாவது அரை நொடி, தீர்ந்துவிடுகிறது. தாவியதிலிருந்து தண்ணீரைத் தொடும்வரை இருப்பதே ஏறக்குறைய ஒரு நொடிதான். காட்சி முழுதாக மெதுவாகும்போது பையன் பாதிக் கிணற்றில் இருந்தான். வலப்பாதியைத் திரும்பக் கொண்டுவந்து, இடப்பாதியை ஓட்டத்தின் பக்கம் தள்ளியபிறகுதான் தாவும் கணம் கைக்கு வந்தது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் `Enable Time Remapping` கொடுத்தால் கீஃபிரேம் பிடித்துவைப்பது வேகத்தை அல்ல, நேரத்தை: டைம்லைனின் இந்தப் புள்ளியில் அசல் காட்சியின் எந்த நொடி தெரிய வேண்டும் என்பதை. வரைபடத்தின் சாய்வுதான் வேகம். இந்த வேறுபாடு தெரியாமல், எல்லா அசைவுக்கும் பழகிய கையோடு F9 அழுத்தி `Easy Ease` கொடுக்கிறோம். அது கீஃபிரேம் இருக்கும் இடத்தில் சாய்வைச் சுழியமாக்குகிறது. பையனின் கால் கல்லைவிட்டு எழும் அதே கணத்தில் காட்சி உறைந்து நின்று, பிறகு நகர்கிறது. பார்ப்பவருக்கு அது கணினி திணறியதுபோல் தெரியும். `Speed Graph` திறந்து பார்த்தால் கோடு கீஃபிரேமில் தரைதட்டி எழுவது கண்ணுக்குத் தெரியும்.

சரியான வழிக்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையே டைம்லைனில் 20 ஃபிரேம் இருந்தால், அசல் நேரத்தில் 12 ஃபிரேம் நகர வேண்டும். முதல் கீஃபிரேமுக்கு `Keyframe Velocity` திறந்து, வெளியேறும் வேகம் நொடிக்கு 1 நொடி. இரண்டாவதுக்கு உள்ளே வரும் வேகம் 0.2. இரு பக்கமும் வழக்கமான 33 சதவீத `Influence` இருந்தால் வேகம் நேர்கோட்டில் இறங்கும். அதை 50க்கு ஏற்றினால் தொடக்கமும் முடிவும் மென்மையாகும். அந்த 12ஐத் தவறாக 6 என்று வைத்துப் பாருங்கள். முனைகளில் எண்கள் சரியாகவே இருக்கும், ஆனால் நடுவில் வேகம் 6 சதவீதம் அளவுக்குக் குழிந்துபோய், பிறகு 20க்கு ஏறும். 12க்கு மிகவும் மேலே போனால் எதிர்மாறாக, மெதுவாகும் முன் காட்சி ஒரு முறை பாய்ந்துவிடும். பிரீமியரில் நடக்கவே முடியாத இந்தப் பிழை இங்கே எளிதாக நடக்கிறது. பதிலுக்கு, சரிவின் வடிவம் முழுவதும் நம் கையில் இருக்கிறது.

ரிசால்வ் இரண்டுக்கும் இடமளிக்கிறது. `Retime Curve` திறந்தால் `Retime Frame`, `Retime Speed` என்று இரண்டு வளைவுகளையும் பார்க்கலாம். முதலாவது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போல நேரத்தைக் காட்டுகிறது, இரண்டாவது பிரீமியர் போல வேகத்தைக் காட்டுகிறது. வேக வளைவில் சரிவை மழுக்கிவிட்டு, நேர வளைவில் எங்காவது தட்டையாகிறதா என்று சரிபார்ப்பேன். இலவசப் பதிப்பிலேயே இது கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

வளைவு சரியாக இருந்தும் திக்கினால், ஃபிரேம் கணக்கைப் பார்க்க வேண்டும். 120ஐ 24ஆல் வகுத்தால் 5. எனவே 20 சதவீதம்தான் தரை. அதில் ஒவ்வொரு அசல் ஃபிரேமும் ஒருமுறை தோன்றும். 15 சதவீதத்துக்கு இறக்கினால் சில ஃபிரேம்கள் இரண்டுமுறை வந்து இடறும். டைம்லைன் 25 ஃபிரேமாக இருந்தால் 20 சதவீதத்திலேயே நொடிக்கு ஒரு ஃபிரேம் இரட்டிக்கும். சீரான கடிகாரத் துடிப்புபோல் ஒரு தட்டல் தெரியும். அங்கே தரை ஏறக்குறைய 20.83.

இன்னொரு இடம் பலர் கவனிக்காதது: சரிவின் அடிவாரம். 30 சதவீதத்தில் டைம்லைனின் ஒரு ஃபிரேமுக்கு அசலில் ஒன்றரை ஃபிரேம் நகர வேண்டும். அரை ஃபிரேம் கிடையாது. ஆகவே 1, 2, 1, 2 என்று நொண்டி நகர்கிறது. மேலே 90 சதவீதத்தில் இதே நொண்டல் 4, 5, 4, 5 என்றுதான் இருக்கும், கண் பிடிக்காது. அடிவாரத்து நொண்டலைத்தான் `Optical Flow` தீர்க்கிறது. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே அசைவைக் கணித்துப் புதிய ஃபிரேமை வரைந்து தருகிறது. பிரீமியரில் அந்தப் பகுதியை ரெண்டர் செய்தபிறகே அதன் உண்மையான தோற்றம் தெரியும். `Frame Blending` இரண்டு ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலப்பதால், மெதுவான பகுதியில் பையனின் ஒரு கையே இரண்டாகத் தெரியும். அதை நான் அங்கே பயன்படுத்துவதில்லை.

ஆனால் `Optical Flow` தண்ணீரில் தோற்கிறது. ஒரு துளி எங்கிருந்து எங்கே போனது என்று அதனால் தொடர முடியாமல், தெறிப்பு ஜெல்லிபோல் நெளிகிறது. கால் எழும்போது பின்னால் இருந்த கிணற்றுச் சுவரின் செங்கல் வரிசையும் முழங்காலைச் சுற்றி வளைந்தது. அதனால் பையன் தண்ணீரைத் தொடும் ஃபிரேமில் கிளிப்பை வெட்டினேன். முன்பாதிக்கு `Optical Flow`, பின்பாதிக்குச் சாதாரண `Frame Sampling`. தெறிப்பு முடியும்வரை வேகத்தைச் சரியாக 20லேயே வைத்து, துளிகள் தண்ணீரில் விழுந்து அடங்கியபின்தான் மேலேற்றத்தைத் தொடங்கினேன். செங்கல் நெளிவு எட்டு ஃபிரேம் மட்டுமே இருந்தது. அங்கே சரிவை ஐந்து ஃபிரேம் முன்னால் நகர்த்தியதும், முழங்கால் சுவரைக் கடக்கும் நேரத்தில் வேகம் 20ஐ எட்டிவிட்டது, கணித்து வரைய எதுவும் மிச்சமில்லை.