"16 ஆம்பியர் பிளக் போதும்" என்று சொல்லி வெல்டிங் மெஷின் விற்கிறார்கள், கவனம்

தக்கலைப் பக்கம் கேட், கிரில் வேலை செய்யும் சின்னப் பட்டறை ஒன்றுக்கு நடந்தது இது. வாங்கியது 200 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ் இன்வெர்ட்டர் மெஷின். பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட், 9 கேவிஏ, டூட்டி சைக்கிள் 35 சதவீதம் என்று இருந்தது. கடைக்காரர் போட்ட கணக்கு: 9000-ஐ 230-ஆல் வகுத்தால் 39 ஆம்பியர், அதில் 35 சதவீதம் 13.7. "அண்ணே, 16 ஆம்பியர் பிளக்கே தாராளம்."

முழு ஆம்பியரில் வேலை தொடங்கியதும் 16 ஆம்பியர் எம்சிபி விழுந்துகொண்டே இருந்தது. கடை அனுப்பிய ஆள் 32 ஆம்பியர் எம்சிபி போட்டுவிட்டுப் போனார், 2.5 ஸ்கொயர் எம்எம் வயரையும் பழைய சாக்கெட்டையும் தொடவில்லை. எம்சிபி விழுவது நின்றது, சாக்கெட் உருகியது. கேட்டால், "வயரிங் எங்க பொறுப்பு இல்ல."

கணக்கில்தான் கோளாறு. 35 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் ஆர்க், மிச்சம் ஓய்வு. அந்த மூன்றரை நிமிடமும் வயரில் முழு 39 ஆம்பியர் ஓடுகிறது. சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் டூட்டி சைக்கிளை நேராகப் பெருக்கக் கூடாது, அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். கீழே I1max என்பது ஆர்க் எரியும்போது மெஷின் லைனில் இழுக்கும் முழு ஆம்பியர், I1eff என்பது ஓய்வையும் சேர்த்து வயரைச் சூடாக்கும் கணக்குக்கான ஆம்பியர்:

```
I1max = 9000 / 230 = 39.1 A
I1eff = 39.1 × √0.35 = 23.1 A
```

13.7 ஆம்பியர் என்று நம்பிப் போட்ட வயரிங்கில், அந்தக் கணக்குக்கு வருவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூடு. 16 ஆம்பியர் சாக்கெட் எப்படித் தாங்கும்?

வயரும் சாக்கெட்டும் சூடாவதற்கு 23-ஐப் பாருங்கள். எம்சிபிக்கும் வோல்ட் இறக்கத்துக்கும் 39-ஐப் பாருங்கள். 32 ஆம்பியர் சி டைப் எம்சிபிக்கு 39 என்பது 1.2 மடங்குதான், மூன்றரை நிமிடம் பொதுவாகத் தாங்கிவிடும். ஆனால் அதற்கேற்ற செம்பு வயரும் 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சேர்ந்தே வர வேண்டும். மெயின் போர்டு 20 மீட்டர் தள்ளி இருந்தால் 2.5 வயரில் ஏறக்குறைய 11 வோல்ட் போய்விடும். 6 ஸ்கொயர் எம்எம்மில் 5 வோல்ட்டுக்குள் நிற்கும். சாயங்காலம் லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்ப்புறமென்றால் இன்னும் கவனம்: இன்வெர்ட்டர் அதே பவரை எடுக்கப் பார்க்கும், 39 என்பது 45 ஆகிவிடும்.

வாங்கும்போது தகட்டில் I1max, I1eff இரண்டும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 60 சதவீதம், 100 சதவீதம் என்று வேறு பத்திகளும் இருக்கும். அங்கே கேவிஏ குறைவு, அதைக் காட்டி 35 சதவீத வேலைக்கு வயர் சொன்னால் ஏற்காதீர்கள். தகட்டில் I1eff இல்லையென்றால் மேலே உள்ள கணக்கைப் போட்டு, வரும் ஆம்பியரை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.